காதின் சாட்சியம் போதாது: நகல் குரலும் மூலப் பதிவும்

ஆடி மாதத்தில் பெங்களூரு ஸ்ரீராம்புரத்தின் தெருக்களில் அம்மன் கோயில்களுக்குப் பந்தல் எழும்போது, கூழ் வார்க்கும் நாளின் இரவில் மெல்லிசைக் கச்சேரியும் இருக்கும். மேடையில் நிற்கும் பாடகரை அறிவிப்பாளர் டி.எம்.எஸ். என்றோ சீர்காழி என்றோ ஓர் அடைமொழி சேர்த்துத்தான் அழைப்பார். அவருடைய சொந்தப் பெயர் கச்சேரி முடியும்வரை ஒருமுறைகூடச் சொல்லப்படாமல் போகலாம். ஆனாலும் அங்கே யாரும் ஏமாற்றப்படுவதில்லை. பாடுகிறவரின் உடல் எல்லோர் கண்முன்னும் நிற்கிறது. சவுந்தரராஜன் 2013ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார் என்பதும் கூட்டத்திற்குத் தெரியும். நகல் என்று தெரிந்தே மக்கள் நகலை ரசிக்கிறார்கள். அந்த மேடை நேர்மையானது.

நேர்மைக்குறைவு தொடங்குவது, அதே குரல் உடலை விட்டுப் பிரிந்து ஒலிநாடாவாகவும் குறுந்தகடாகவும், இன்று பெயரும் ஊரும் இல்லாத கோப்பாகவும் உலவத் தொடங்கும் இடத்தில்தான். ரசிகர் அதைத் தவறாக அடையாளம் கண்டால் பெரிய நட்டமில்லை. ஆனால் மொழியியலிலும் திரையிசை ஆய்விலும் முனைவர் பட்டம் தேடும் ஒருவர், இணையத்தில் கிடைத்த கோப்பை எடுத்து, "இது இன்னார் பாடியது" என்று காதால் முடிவுசெய்து, அதிலிருந்து அந்தப் பாடகரின் ழகர உச்சரிப்பையோ கமகத்தையோ அளக்கும்போது நட்டம் பெரிது. அளவீடு நுட்பமானது, அளக்கப்பட்ட ஆள் வேறொருவர். இப்படிப்பட்ட ஆய்வேட்டில் எத்தனை வரைபடம் இருந்தாலும் அது பொய்ச்சாட்சியத்தின் மேல் எழுதப்பட்ட தீர்ப்பு. "முப்பது ஆண்டு கேட்ட காது தவறாது" என்னும் தற்பெருமையை ஆய்வுமுறை என்று ஏற்றுக்கொள்ளும் வழக்கத்துக்கு எதிரானது இக்கட்டுரை.

காது எளிதில் தவறும் என்பதற்கு முதல் சாட்சி சவுந்தரராஜனே. 1950இல் வெளியான "கிருஷ்ண விஜயம்" படத்தில், எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் இசையில் அவர் திரைக்காகப் பாடத் தொடங்கியபோது, அவர் குரலில் ஒலித்தது தியாகராஜ பாகவதரின் பாணி. மதுரையில் சவுராஷ்டிரம் பேசும் குடும்பத்தில் பிறந்த இளைஞர், தமிழ்நாடு அன்று கொண்டாடிய உச்ச நட்சத்திரத்தின் குரலைத் தனதாக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பின்னாளில் ஆயிரம் மேடைகளில் நகலெடுக்கப்பட்ட அந்த "மூலக் குரல்", தானே ஒரு நகலாகத் தொடங்கியது. ஆகவே குரலொப்புமை ஒரு மோசடிக்காரரின் தந்திரம் அன்று. பாட்டுக் கற்கும் வழியே அதுதான். வழக்கமான வழி எதுவோ அதை வைத்து ஆளைப் பிரித்தறிய முடியாது. எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடியவை என்று பலர் உறுதியாக நம்பும் பாடல்களில் சில மனோ பாடியவை என்பதும் இதே காரணத்தால்தான்.

இரண்டாவது சாட்சி கடல் கடந்தது. 1980களின் நடுவில் ஃபோர்டு கார் நிறுவனத்தின் விளம்பரத்துக்காகப் பெட் மிட்லரை அணுகினார்கள்; அவர் மறுத்தார். அவரிடம் முன்பு பின்னணிக் குரல் பாடிய ஊலா ஹெட்விக் என்பவரை அழைத்து, இயன்றவரை மிட்லரைப் போலவே பாடச் சொன்னார்கள். விளம்பரம் ஒலிபரப்பானபோது, மிட்லரை நேரில் அறிந்தவர்களே அது அவர் பாடியதுதான் என்று எண்ணினார்கள். அந்த ஏமாற்றமே வழக்கின் சான்றாயிற்று. 1988இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், புகழ்பெற்ற ஒரு குரலை வணிகத்துக்காக வேண்டுமென்றே போலிசெய்வது தவறு என்று சொன்னது. நண்பர்களின் காது தவறியது என்பதே அந்த வழக்கின் அடித்தளம் என்றால், ஆய்வாளரின் காது தவறாது என்பதற்கு என்ன ஆதாரம்?

இந்தியாவில் இச்சிக்கல் தனியொரு விளம்பரத்தோடு நிற்கவில்லை. ஒரு தொழிலாகவே வளர்ந்தது. பழைய திரைப்பாடல்களின் ஒலிப்பதிவுரிமை பெரும்பாலும் எச்.எம்.வி. என்று அறியப்பட்ட இந்திய கிராமபோன் கம்பெனியிடம் இருந்தது. 1980களில் ஒலிநாடா மலிவானபோது, குல்ஷன் குமாரின் டி-சீரிஸ் நிறுவனம் அதே பாடல்களைப் புதிய பாடகர்களைக் கொண்டு மீண்டும் பதிவுசெய்து குறைந்த விலைக்கு விற்றது. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவிலிருந்த ஒரு விலக்கு, உரிய உரிமத்தொகை செலுத்தினால் இப்படி மறுபதிவு செய்யலாம் என்று இடம் தந்தது. இந்த வரலாற்றைப் பீட்டர் மேனுவல் 1993இல் வெளிவந்த தம் ஒலிநாடாப் பண்பாடு பற்றிய நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். ரஃபியின் நினைவாகச் சோனு நிகம் பாடிய நாடாக்கள் அந்தத் தொழிலின் விளைச்சல்களே. பின்னாளில் அவர் தம் பெயரிலேயே நட்சத்திரமானார். அவருக்குக் கிடைத்த அந்த இரண்டாம் வாழ்க்கை, அதே அறையில் பாடிய மற்றப் பலருக்குக் கிடைக்கவில்லை.

இந்தத் தொழிலில் சண்டை முழுவதும் உறையின் மேல் நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1994இல் வெளியான "ஹம் ஆப்கே ஹைன் கோன்" படப் பாடல்களின் மறுபதிவை டி-சீரிஸ் வெளியிட்டபோது வழக்கு தில்லி உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. மூலத்தின் உறையைப் போலத் தோன்றும் உறை கூடாது, இது மூல ஒலித்தடம் அன்று, வேறு கலைஞர்கள் பாடிய பதிப்பு என்று தெளிவான எழுத்தில் சொல்ல வேண்டும் என்பதே நீதிமன்றத்தின் கவலை. பெங்களூருக்கும் இதில் பங்கு உண்டு. இந்நகரின் மார்ஸ் ரெக்கார்டிங் நிறுவனத்துக்கும் கிராமபோன் கம்பெனிக்கும் இடையே மறுபதிவு உரிமை பற்றி எழுந்த வழக்கு கர்நாடக உயர்நீதிமன்றத்தைக் கடந்து உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. இத்தனை ஆண்டுச் சண்டையிலும் நீதிமன்றங்கள், "கேட்பவர் குரலை வைத்துப் பிரித்தறிந்துகொள்வார்" என்று வாங்குபவரின் காதிடம் பொறுப்பை விட்டுவிடவில்லை. எழுத்தில் சொல் என்றே கேட்டன. 2012இல் சட்டம் திருத்தப்பட்டுச் சேர்க்கப்பட்ட 31சி பிரிவும் அதையே செய்கிறது. முதல் பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழியாமல் மறுபதிவு கூடாது. முந்தைய பதிவில் பாடியவரின் பெயரோ உருவமோ உறையில் இருக்கக் கூடாது. இது மறுபதிவு என்று உறையிலேயே எழுத வேண்டும்.

சட்டம் நம்பிய அந்த உறைதான் இன்று இல்லை. நாடாவிலிருந்து கணினிக்கும், கணினியிலிருந்து இணையத்துக்கும் பாட்டு ஏறியபோது உள்ளட்டை பின்தங்கிவிட்டது. ஸ்ரீராம்புரத்து வீடுகளில் பரண்மேல் கிடக்கும் ஒரு நாடாவின் உள்ளட்டையில் மறுபதிவில் பாடியவரின் பெயர் சிற்றெழுத்திலாவது இருக்கும். அதிலிருந்து ஒருவர் எடுத்து ஏற்றிய கோப்பில், படத்தின் பெயரும் நடிகரின் படமும், மூலத்தில் பாடியவரின் பெயரும் மட்டுமே இருக்கும். ஏற்றியவருக்கு ஏமாற்றும் எண்ணம் இல்லை. அவருக்கும் அது சவுந்தரராஜனாகத்தான் கேட்டது. ஆய்வாளர் அங்கிருந்துதான் தரவை எடுக்கிறார்.

இதற்கு மறுமொழியாக, "காது தவறலாம், கருவி தவறாது" என்று ஒலியியல் கற்ற மாணவர் உடனே பிராட் மென்பொருளைத் திறப்பார். அங்கேயும் ஒரு குழி இருக்கிறது. ஆளின் குரல்வழியின் நீளமும் வடிவமும் ஃபார்மண்ட் எனப்படும் ஒத்ததிர்வுப் பட்டைகளில் தெரியும், அதைப் போலிசெய்வது கடினம் என்பது பாடநூல் செய்தி. பேச்சுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். உச்சத்தில் பாடும் குரலுக்குப் பொருந்தாது. ஒருவர் 400 ஹெர்ட்ஸ் சுருதியில் ஓர் உயிரெழுத்தை நீட்டும்போது, அவர் குரலின் ஆற்றல் 400, 800, 1200 என்ற மடங்குகளில் மட்டுமே விழுகிறது. முதல் ஃபார்மண்ட் 600 ஹெர்ட்ஸில் இருந்தால் அதைக் காட்ட அங்கே ஒலியே இல்லை. மென்பொருள் ஓர் எண்ணைத் தரும். அது அருகிலுள்ள மடங்கின் எண், பாடகரின் வாயுடைய எண் அன்று. கீழ்ச் சுருதியில் ஒலிக்கும் எழுத்துகளில் மட்டும் அளந்தால் ஓரளவு பயன் உண்டு. ஆனால் அங்கேயும் பின்னணியில் வயலின்கள் இருக்கும். அவற்றின் மடங்குகளும் அதே இடத்தில் விழும்.

அதைவிட ஆழமான குழி வேகம். திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்களில் ஓடுகிறது. அதை நொடிக்கு 25 சட்டகமுள்ள தொலைக்காட்சி முறைக்கு மாற்றி நாடாவிலும் டிவிடியிலும் ஏற்றும்போது, படத்தைச் சற்று வேகமாக ஓட்டிவிடுவது எளிய வழி. அப்போது பாட்டு 4.17 விழுக்காடு வேகமடைகிறது; சுருதி முக்கால் அரைச் சுரத்துக்குச் சற்றுக் குறைவாக உயர்கிறது; ஃபார்மண்டுகளும் அதே அளவில் மேலேறுகின்றன. 78 சுழற்சி இசைத்தட்டை வேகம் சரிபார்க்காமல் ஓட்டி எடுத்த கோப்பிலும் இதுவே நடக்கும், சில நேரம் எதிர்த்திசையில். விளைவு என்ன? உண்மையான மூலப் பதிவையே கேட்டு, "குரல் கொஞ்சம் மெலிந்திருக்கிறது, இது வேறு யாரோ" என்று காது தள்ளிவிடும். கருவியும் அதற்கு ஒத்து ஊதும். நகலை மூலமென்று ஏற்பது ஒரு தவறு என்றால், மூலத்தை நகலென்று தள்ளுவது அதற்கு இணையான தவறு.

அப்படியானால் எதைப் பார்ப்பது? குரலை விட்டுவிட்டு முதலில் வாத்தியங்களைப் பார்க்க வேண்டும். நகல் பாடகர் மூலப் பாடகரின் குரலை எவ்வளவு நெருங்கினாலும், புதிய பதிவில் தபலாவும் வயலினும் மீண்டும் வாசிக்கப்பட்டவை. அக்காலத்தில் இருபது முப்பது பேர் ஓர் அறையில் அமர்ந்து ஒரே ஓட்டத்தில் வாசித்த இசையின் வேகம் இம்மியளவு ஏறி இறங்கியபடி இருக்கும். அந்த ஏற்ற இறக்கம் அந்த ஒரு நாளுக்கு மட்டுமே உரியது. அதை யாராலும் மறுபடி வாசிக்க முடியாது. அப்படி வாசிக்க யாரும் முயல்வதும் இல்லை.

சோதனை எளிது. முதலில், சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு மேற்கோள் பதிவு வேண்டும். திரைப்பாட்டுக்கு அது படத்திலேயே இருக்கிறது. ஐயத்துக்குரிய கோப்பையும் படத்திலிருந்து எடுத்த ஒலியையும் ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் மேலும் கீழுமாக வைத்து, இரண்டிலும் தெளிவாகத் தெரியும் தாளத் தட்டுகளைக் குறிக்க வேண்டும்: பல்லவியின் முதல் தட்டு, முதல் இடையிசையின் தொடக்கம், முதல் சரணத்தின் தொடக்கம், இறுதிப் பல்லவி என்று. முதல் தட்டைப் பூச்சியமாகக் கொண்டு மற்றவற்றின் தொலைவை நொடியில் எழுத வேண்டும். ஓர் எடுத்துக்காட்டாக, படத்தின் ஒலியில் அத்தொலைவுகள் 49.5, 106.0, 175.4 நொடிகள் என்று வைத்துக்கொள்வோம். முதல் கோப்பில் அவை 51.56, 110.42, 182.71. ஒவ்வொன்றையும் படத்தின் எண்ணால் வகுத்தால் மூன்று இடத்திலும் 1.042 வருகிறது. விகிதம் மாறவில்லை. ஆகவே இரண்டும் ஒரே மூல நாடாவிலிருந்து வந்தவை. வேகம் மட்டுமே வேறு. 25க்கு 24 என்ற விகிதமும் அதுவே என்பதால், வேறுபாட்டின் காரணமும் தெரிந்துவிடுகிறது. கோப்பு சரியான வேகத்தில் இருக்கிறது. டிவிடிதான் வேகமாக ஓடுகிறது.

இரண்டாவது கோப்பில் அதே தொலைவுகள் 50.9, 107.1, 181.0 என்று வந்தால் விகிதங்கள் 1.028, 1.010, 1.032. ஏறி, இறங்கி, மீண்டும் ஏறுகின்றன. ஓட்டுவேகத்தின் பிழை இப்படி அலையாது. அது பாட்டு முழுவதும் ஒரே அளவில் இருக்கும், அல்லது பழைய நாடா இழுபட்டிருந்தால் ஒரே திசையில் மெதுவாக நகரும். ஆகவே இது வேறொரு நாள் வாசிக்கப்பட்ட இசை. பாடுபவரின் குரல் சவுந்தரராஜனையே உரித்து வைத்தாற்போல் இருந்தாலும் அந்தப் படத்தின் பதிவு இது அன்று. இந்தக் கணக்கைச் செய்ய அரை மணி நேரம் போதும். ஃபார்மண்ட் வரைபடத்துக்குச் செலவிடும் மாதங்களின் முன் இது ஒன்றுமில்லை. ஆனாலும் இதைச் செய்யாமலே வரைபடத்துக்குப் போகிறார்கள்.

இந்தச் சோதனைக்கும் எல்லைகள் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விட்டால் ஒரு தற்பெருமையின் இடத்தில் இன்னொன்றை வைத்ததாகும். விகிதம் அலைந்தால் பாடியவர் வேறு என்று முடிவுசெய்துவிடக் கூடாது. நட்சத்திரப் பாடகரே தம் பாட்டை மீண்டும் பதிவுசெய்திருக்கலாம். படத்துக்கும் இசைத்தட்டுக்கும் வெவ்வேறு ஓட்டங்கள் பயன்பட்டிருக்கலாம். 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் மூன்றரை நிமிட அளவே தாங்கும் என்பதால், நீண்ட பாட்டு தட்டுக்காகச் சுருக்கப்பட்டிருக்கலாம். எனவே ஒரே ஒரு மேற்கோளோடு நிற்காமல் படம், தட்டு என்று இரண்டு மூன்றோடு ஒப்பிட வேண்டும். மறுபக்கம், விகிதம் மாறாமல் இருந்தாலும் பாடியவர் மூலப் பாடகர்தான் என்று ஆகிவிடாது. மூலத்தின் இசைத்தடத்தில் குரலை நீக்கி, அதன்மேல் வேறொருவர் பாடிய கரோக்கிப் பதிவுகள் இன்று ஏராளம். அங்கே இசை பொருந்தும், குரல் பொருந்தாது. ஆகவே இரண்டாம் படியாகக் குரலுக்குத் திரும்பத்தான் வேண்டும். ஆனால் இந்த முறை, குரலின் எதைப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டு திரும்ப வேண்டும்.

இங்கே மொழியியல் உண்மையாகவே உதவுகிறது. 1997இல் ஸ்வீடனைச் சேர்ந்த எரிக்சன், வ்ரெட்லிங் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு தொழில்முறைப் போலிக்குரல் கலைஞரை ஆராய்ந்தார்கள். அவர் இலக்காகக் கொண்டவரின் சுருதியையும் ஒட்டுமொத்தப் பேச்சு வேகத்தையும் நன்றாகப் பிடித்தார். ஃபார்மண்டுகளில் ஓரளவு நெருங்கினார். ஆனால் ஒவ்வோர் ஒலிக்கும் எவ்வளவு நேரம் என்ற உள்கணக்கில் அவர் தம் இயல்பான பேச்சிலிருந்து பெரிதாக நகரவில்லை. அதாவது, கேட்பவருக்கு எது எடுப்பாகத் தெரிகிறதோ அதைக் கலைஞர் பிடிக்கிறார். யாரும் கவனிக்காததை அவரும் கவனிப்பதில்லை. அங்கேதான் அவர் தானாக இருக்கிறார்.

பாட்டுக்கு இதை அப்படியே பெயர்க்க முடியாது. எழுத்துகளின் நீளத்தைத் தாளம் வகுத்துவிடுகிறது. ஆனால் தாளம் வகுப்பது தட்டுக்குத் தட்டு உள்ள இடைவெளியை மட்டுமே. அந்த இடைவெளிக்குள் உயிருக்கு எவ்வளவு, மெய்க்கு எவ்வளவு என்பது பாடுபவரின் வாய்ப்பழக்கம். "கண்ணீர்", "பட்டம்", "வாழ்க்கை" போன்ற சொற்களில் இரட்டித்த மெய்யை எங்கே தொடங்குகிறார், ட்ட, க்க ஆகியவற்றில் காற்றை எத்தனை மில்லிநொடி அடைத்துவைக்கிறார், மூச்சை எந்தச் சொல்லுக்குப் பின் வாங்குகிறார் என்பனவற்றை நிறமாலைப் படத்தில் குறிக்க முடியும். அடைப்பின்போது வயலின் ஒலி தொடர்ந்தாலும் குரலின் கோடுகள் அறுந்து நிற்பது தெரியும். ஒரே பாட்டின் ஒரே சொற்களை மேற்கோள் பதிவிலும் ஐயப் பதிவிலும் அளந்து, மூலப் பாடகரின் பிற உறுதியான பதிவுகளில் அவ்வளவு எவ்வளவு மாறுகிறது என்பதையும் பார்த்த பிறகே எதையும் சொல்ல வேண்டும். அப்போதும் சொல்லக்கூடியது, "இது அவருடைய பழக்கத்தோடு பொருந்துகிறது" அல்லது "பொருந்தவில்லை" என்பது மட்டுமே.

இதற்கு நேர்மாறாக, ஆய்வேடுகள் பெரிதும் நம்புவது ழகரத்தை. "ழ தெளிவாக ஒலிக்கிறது, ஆகவே இது டி.எம்.எஸ்." என்ற வாதம் பழக்கமானது. பெங்களூரில் இந்த வாதத்துக்குக் கூடுதல் கவர்ச்சி உண்டு. கன்னடம் தன் பழைய ழகரத்தை எப்போதோ இழந்துவிட்டது. கன்னடச் சூழலில் வளர்ந்த பாடகர் ழகரத்தில் சறுக்குவார் என்று எதிர்பார்க்கிறார்கள். எதிர்பார்ப்பு தலைகீழாகவே முடியும். ழகரம் சவுந்தரராஜனின் அடையாளம் என்று எல்லோரும் சொல்வதால், நகல் பாடகர் முதலில் பயிற்சி செய்வது அதைத்தான். கேலிச்சித்திரக்காரர் மூக்கைப் பெரிதாக வரைவதுபோல், அவர் ழகரத்தை மூலத்தைவிட அழுத்தமாகப் பாடுவார். ஸ்ரீராம்புரம் போன்ற ஒரு பகுதியில், பள்ளியில் தமிழ் எழுத்தைப் பெறாத பிள்ளைகளுக்குப் பழைய பாட்டே ழகரத்தின் பாடநூலாக இருந்திருக்கிறது. அங்கிருந்து வரும் பாடகர் அதில் தவறுவார் என்று நினைப்பது, ஒலியியல் அறிவுபோல வேடமிட்ட மேட்டிமை. தாய்மொழியை வைத்துக் குரலை ஒதுக்குவதானால் முதலில் ஒதுக்கப்பட வேண்டியவர் சவுராஷ்டிரம் பேசிய சவுந்தரராஜன்தான்.

"பாட்டு ஒன்றுதானே, யார் பாடினால் என்ன?" என்று கேட்பவர்களும் உண்டு. ரசனைக்கு அது சரியான கேள்வியாக இருக்கலாம். ஆய்வுக்கு அது கேள்வியே இல்லை. 1960களில் ஒரு பாடகர் எப்படி உச்சரித்தார் என்று சொல்ல வந்த ஏடு, 1990களில் வேறொருவர் உச்சரித்ததை அளந்திருந்தால், முப்பது ஆண்டு மொழிமாற்றம் ஒன்றை அது மறைத்துவிடும், அல்லது இல்லாத ஒன்றைக் கண்டுபிடிக்கும். அதை மேற்கோள் காட்டும் அடுத்த ஏட்டில் பிழை உறுதிப்படும். வழிகாட்டிகளும் தேர்வாளர்களும் கட்டுரைக்கு மேற்கோள் கேட்கிறார்கள், நூலுக்குப் பதிப்பு ஆண்டு கேட்கிறார்கள். ஒலிப்பதிவுக்கு மட்டும் ஓர் இணைய முகவரி போதும் என்று விட்டுவிடுகிறார்கள். ஓலைச்சுவடியின் மூலபாடத்தைத் தேடிப் பல படிகளை ஒப்பிட்ட ஒரு மரபின் வாரிசுகள், ஒலிக்கு வரும்போது தெருவில் கிடந்த படியை மூலமாகக் கொள்கிறார்கள்.

வேண்டுவது பெரிய ஏற்பாடு ஒன்றும் இல்லை. ஒரு பாட்டைத் தரவாகக் கொள்ளும் ஆய்வேடு, அது எந்தத் தட்டிலிருந்து அல்லது படத்தின் எந்தப் படியிலிருந்து எடுக்கப்பட்டது, தட்டானால் அதன் வெளியீட்டு எண்ணும் நடுவளையத்தில் பொறித்த எண்ணும் என்ன, மேற்கோள் பதிவோடு ஒப்பிட்ட விகிதம் என்ன என்ற மூன்றையும் சொல்ல வேண்டும். இவற்றைச் சொல்ல இயலாத பாட்டைத் தரவிலிருந்து நீக்க வேண்டும். அப்படி நீக்கினால் தரவு பாதியாகக் குறையும் என்றால், இத்தனை நாளும் பாதி ஆய்வு ஆதாரமின்றி நடந்திருக்கிறது என்றே பொருள்.

நகல் பதிவு என்று கண்டுபிடித்த பிறகு அதைத் தூக்கி எறிவதும் நியாயமில்லை. 1992இல் லதா மங்கேஷ்கர், மறைந்த பாடகர்களின் பாடல்களை அஞ்சலியாகத் தம் குரலிலேயே பாடி வெளியிட்டார். யாரும் அதைக் குழப்பிக்கொள்ளவில்லை. உறையில் அவர் பெயர் இருந்தது. புகழ் உள்ளவருக்கு அஞ்சலி செலுத்தும்போதும் பெயர் நிற்கிறது. புகழ் இல்லாதவரின் பெயர்தான் அஞ்சலியில் கரைந்துபோகிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 38பி பிரிவு, தம் நிகழ்த்துதலுக்குத் தாமே உரியவர் என்று அடையாளம் காணப்படும் உரிமையை ஒவ்வொரு கலைஞருக்கும் தருகிறது. நிகழ்த்துதலைப் பயன்படுத்தும் முறையே பெயரை விடச் செய்தாலொழிய அது பொருந்தும். மறுபதிவில் பாடியவரும் அந்தக் கலைஞரே. அவருடைய பதிவை நட்சத்திரத்தின் பெயரில் பட்டியலிடும் ஆய்வாளர் நட்சத்திரத்துக்குச் செய்யும் பிழை சிறிது. பாடியவருக்குச் செய்வது பெரிது. தெருமேடை அடைமொழியால் மறைத்த பெயரைப் பல்கலைக்கழகம் அடிக்குறிப்பால் அழித்துவிடுகிறது.

ஸ்ரீராம்புரத்தின் மேடைப் பாடகர் ஒரு நட்சத்திரத்தின் குரலில் முப்பது ஆண்டு பாடியிருக்கலாம். அவருடைய அடைப்பும் மூச்சும் இரட்டித்த மெய்யும் எந்த நட்சத்திரத்துடையவையும் அல்ல. கன்னட நகரமொன்றில் வாழும் ஒரு தமிழரின் வாய்ப்பழக்கம் அவை. மொழியியலாளருக்கு உண்மையில் கிடைத்தற்கரிய தரவு அதுதான். அதைச் சவுந்தரராஜனின் பெயரில் தவறாக அளந்துகொண்டிருப்பதை நிறுத்தி, ஒலிப்பதிவுக் கருவியோடு அந்த மேடைக்குப் போய், கச்சேரி முடிந்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அவருடைய பெயர் என்ன என்பது.